திருமண அழைப்பிதழை ஆங்கிலத்தில் எழுதும்போது பட்டங்களையும் வம்ச வரிசையையும் என்ன செய்வது?

கேள்வி: "எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தினர்களுக்காக ஆங்கிலத்திலும் அச்சடிக்க வேண்டும். சிரஞ்சீவி, சௌபாக்கியவதி, காலஞ்சென்ற, பேரன், பேத்தி என்று வருவதையெல்லாம் எப்படி எழுதுவது? வரிக்கு வரி மொழிபெயர்த்தால் போதுமா?"

போதாது. அதிலும் வம்ச வரிசை வருகிற பகுதியை வரிக்கு வரி மாற்றினால், யார் யாருக்கு மகன், யார் உயிருடன் இருக்கிறார், யார் அழைக்கிறார் என்ற மூன்றுமே தவறாகப் புரிந்துகொள்ளப்படும். பல ஆண்டுகளாகத் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கு ஆவணங்களை மொழிபெயர்த்து வருபவன் என்ற முறையில், திருமண அழைப்பிதழைச் சிறிய வேலை என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. ஒரு குடும்பம் தன் உறவுகளை ஊரறிய எழுதிவைக்கும் தாள் அது. அதில் ஒரு பெயர் இடம் மாறினாலும் மனம் நோகும்.

விளக்குவதற்காக ஒரு மாதிரியை எடுத்துக்கொள்கிறேன். பெயர்கள் யாவும் கற்பனை. "திருநெல்வேலி, காலஞ்சென்ற திரு. மு. கந்தசாமிப் பிள்ளை – திருமதி சிவகாமி அம்மாள் ஆகியோரின் பேரனும், திரு. க. முருகேசன் (தலைமை ஆசிரியர், ஓய்வு) – திருமதி மு. வள்ளி தம்பதியரின் கனிஷ்ட குமாரனுமாகிய சிரஞ்சீவி மு. செந்தில், பி.இ. அவர்களுக்கும், மதுரை, காலஞ்சென்ற திரு. பா. இராசேந்திரன் – திருமதி இரா. தமிழரசி ஆகியோரின் குமாரத்தி சௌபாக்கியவதி இரா. கயல்விழிக்கும்" என்று ஒரு பத்திரிகை இருப்பதாகக் கொள்வோம். நம் வீடுகளில் வரும் பத்திரிகைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ இந்த அமைப்பில்தான் இருக்கும்.

முதலில் வரிசை. தமிழில் ஊரில் தொடங்கி, தாத்தாவைச் சொல்லி, தந்தையைச் சொல்லி, கடைசியில் மணமகனிடம் வந்து சேர்கிறோம். 'பேரனும்', 'குமாரனுமாகிய' என்ற உம்மைகள் இரண்டு உறவுகளையும் செந்தில் என்ற ஒரே பெயரில் கொண்டுபோய்க் கட்டிவிடுவதால், வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் குழப்பம் வருவதில்லை. ஆங்கிலத்தில் அந்த உம்மை கிடையாது. செந்தில் என்று எழுதி, தமிழ் வரிசையை மாற்றாமல் 'கிராண்ட்சன் ஆஃப் கந்தசாமி பிள்ளை, சன் ஆஃப் முருகேசன்' என்று தொடர்ந்தால், இரண்டாவது சொற்றொடர் தனக்கு முன்னே நிற்கும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். கந்தசாமிப் பிள்ளை முருகேசனின் மகன் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். தாத்தா தன் மகனுக்கே மகனாகிவிடுவார். ஆங்கிலப் பத்திரிகைகளில் இந்தத் தவற்றை நான் அடிக்கடி காண்கிறேன். இதைத் தவிர்க்க, மணமகன் பெயரை முதலில் தனி வரியில் வைத்து, அதன் கீழ் பெற்றோரை ஒரு வரியிலும், அதற்கும் கீழ் தாத்தா பாட்டியை மற்றொரு வரியிலும் வைக்க வேண்டும். மிக நெருங்கிய உறவு பெயருக்கு மிக அருகில் இருக்க வேண்டும் என்பதே விதி. இரண்டையும் ஒரே வாக்கியமாக ஓட்டாமல் வரி பிரித்து அச்சிட்டால், காற்புள்ளி எங்கே விழுகிறது என்பதை நம்பி இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது 'காலஞ்சென்ற' என்பது. 'அமரர்', 'தெய்வத்திரு' என்று எழுதியிருந்தாலும் ஆங்கிலத்தில் 'தி லேட்' என்ற ஒன்றே போதும். தெய்வத்திரு என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்ற முயல வேண்டாம். நம் மாதிரியில் தாத்தா இறந்துவிட்டார், பாட்டி இருக்கிறார். தமிழில் 'காலஞ்சென்ற திரு.' என்று தொடங்கி, 'திருமதி' என்று புதிதாக ஒரு பெயர் வரும்போது, முன்னது தாத்தாவோடு முடிந்துவிட்டது என்று வழக்கம் அறிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். அந்த வரிசையிலேயே ஆங்கிலத்தில் 'தி லேட் மிஸ்டர் கந்தசாமி பிள்ளை அண்ட் மிஸஸ் சிவகாமி அம்மாள்' என்று எழுதினால், 'லேட்' இருவரையும் சேர்த்துப் பிடிக்கிறதா, ஒருவரை மட்டுமா என்று தெரியாது. திருமண மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கப் போகும் பாட்டியை இறந்தவர் என்று ஒரு விருந்தினர் எண்ணி வருவது எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு ஐயமற்ற தீர்வு ஒன்று உண்டு. உயிருடன் இருப்பவரை முன்னே எழுதுங்கள்: 'மிஸஸ் சிவகாமி அம்மாள் அண்ட் தி லேட் மிஸ்டர் கந்தசாமி பிள்ளை'. இருவருமே மறைந்திருந்தால் 'தி லேட்' என்பதை இரண்டு பெயருக்கு முன்னாலும் தனித்தனியாகப் போடுங்கள். கணவர் பெயருக்கு முன் மனைவி பெயர் வருவதை வீட்டுப் பெரியவர்கள் விரும்பாமல் இருக்கலாம். காரணத்தை எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்; ஏற்காவிட்டால், இருவரையும் இரண்டு வரிகளாகப் பிரித்துக் கணவர் பெயரை மேலே வைப்பது அடுத்த நல்ல வழி.

இதோடு ஒட்டியது, யார் அழைக்கிறார் என்ற கேள்வி. தமிழில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று அடியில் வரும் பெயர்கள் ஆங்கிலத்தில் முதல் வரிக்குப் போகும்; அங்கே அழைப்பவர் பெயரில்தான் அழைப்பிதழ் தொடங்கும். நம் மாதிரியில் பெண்ணின் தந்தை இல்லை. தமிழ் வரியில் தாயின் பெயரோடு அவர் பெயரும் இணைந்து வருவதைப் பார்த்து, அதை அப்படியே ஆங்கில முதல் வரிக்கு ஏற்றிவிட்டால், இறந்தவர் விருந்தினரை அழைப்பதாக ஆகும். அழைப்பவர் வரியில் தமிழரசி மட்டும் நிற்க வேண்டும். இராசேந்திரனின் பெயர் 'மகள்' என்ற வரியில் 'தி லேட்' என்ற சொல்லோடு வர வேண்டும். அப்படிச் செய்தால் அவர் பெயர் விடுபடவும் இல்லை, வாக்கியம் பிசகவும் இல்லை.

சில குடும்பங்களில் கணவரை இழந்த தாயின் பெயரில் அழைக்காமல், பெரியப்பாவோ அண்ணனோ அழைப்பதாகப் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது எனக்கு உடன்பாடான வழக்கமன்று. ஆனால் மாற்றுவது மொழிபெயர்ப்பாளரின் வேலை அன்று. எனினும் ஒன்றை மட்டும் குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும்: ஆங்கில அழைப்பிதழில் தாயின் பெயர் எங்குமே இல்லையென்றால், தாயும் இறந்துவிட்டார் அல்லது குடும்பத்தை விட்டு விலகிவிட்டார் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆகவே பெரியப்பா அழைத்தாலும் 'மகள்' என்ற வரியில் தாயின் பெயர் இருந்தாக வேண்டும். பெரியப்பாவை 'அங்கிள்' என்று எழுதினால் தாய்மாமனா, சித்தப்பாவா என்று தெரியாது. அது தெரிய வேண்டிய இடமென்றால் தந்தையின் தமையன் என்று பொருள்படும்படி விரித்தே எழுதலாம். பத்திரிகையின் அடியில் இருபது பேர் விழைவோராக இருந்தால் அவர்களை ஆங்கிலத்தில் பெயர் பெயராகக் கொண்டுவர வேண்டியதில்லை. தாய்மாமன்கள் பெயரை மட்டும் வைக்க விரும்பும் குடும்பங்கள் உண்டு, அது அவர்கள் விருப்பம்.

இப்போது பட்டங்களுக்கு வருகிறேன். சிரஞ்சீவி, சௌபாக்கியவதி என்பவை 'மிஸ்டர்', 'மிஸ்' போன்ற மரியாதைச் சொற்கள் அல்ல. பெரியவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் வாழ்த்துகள். நீண்ட ஆயுள் பெறுக, மங்கலத்தோடு வாழ்க என்பது உட்பொருள். 'சி', 'சௌ' என்று சுருக்கி அவற்றை ஆங்கில எழுத்தில் போடும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது; இந்திய விருந்தினருக்கு அது புரியும். வெளிநாட்டவர் அதைப் பெயரின் ஒரு பகுதியாகவே படிப்பார். மணமகளைச் 'சௌ கயல்விழி' என்றே அழைத்து வாழ்த்தட்டையும் எழுதுவார். ஆகவே வெளிநாட்டவருக்கான பதிப்பில் இவற்றை விட்டுவிடுங்கள். இதனால் மரியாதை குறைந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். பெற்றோர் தம் மகளைக் குறிப்பிடும்போது பெயருக்கு முன் எதுவும் போடாமல் பெயரை மட்டும் எழுதுவதே ஆங்கில அழைப்பிதழின் பழைய மரபு. உரிமையுள்ளவர் பேசுகிறார் என்பதை அந்த வெறுமையே காட்டுகிறது. மணமகனுக்கு மட்டும் 'மிஸ்டர்' போடுவதும் அந்த மரபில் உண்டு. பெண் வீட்டார் மட்டும் அழைக்கும் வழக்கத்திலிருந்து வந்தது அது. இரு வீட்டார் அழைப்பாக இருந்தால் இருவர் பெயருக்கு முன்னும் ஒன்றும் வேண்டாம்.

திருவளர்ச்செல்வன், திருநிறைச்செல்வி என்பவற்றுக்கும் இதே விடைதான். மூத்த பிள்ளைக்குத் 'திருவளர்', கடைசிப் பிள்ளைக்குத் 'திருநிறை' என்று ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. அந்த வேறுபாட்டைக் கவனமாகப் பின்பற்றும் வீடுகளும் இருக்கின்றன, ஓசைக்காக ஏதோ ஒன்றைப் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் 'திருநிறை' என்று பார்த்தவுடன் கடைக்குட்டி என்று ஆங்கிலத்தில் எழுதிவிடாதீர்கள். 'ஜேஷ்ட' என்றால் மூத்த, 'கனிஷ்ட' என்றால் கடைசி, இவை தெளிவானவை. நம் மாதிரியில் செந்தில் கனிஷ்ட குமாரன் என்பதால் இளைய மகன் என்று எழுதலாம். அதற்கு முன், எத்தனை மகன்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருவர் மட்டுமே என்றால் ஆங்கிலத்தில் 'யங்கர்', அதற்கு மேல் என்றால் 'யங்கஸ்ட்'.

'அவர்கள்' என்பதற்கு ஆங்கிலம் இல்லை, தேடவும் வேண்டாம். 'அம்மாள்', 'ஆச்சி' போன்றவை பெயரோடு ஒன்றிவிட்டவை. எடுத்துவிட்டால் பாட்டியின் பெயர் அவர்கள் வீட்டுக்கே அந்நியமாகத் தோன்றும், வைத்துக்கொள்ளுங்கள். 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தில்தான் சற்று நிதானம் வேண்டும். வெளிநாட்டவர் பார்வையில் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர். தாத்தா 'பிள்ளை', தந்தை 'முருகேசன்', பேரன் 'செந்தில்' என்றால், மூவரும் மூன்று குடும்பங்கள் போலத் தோன்றும். 1929-இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள்; அதன் பிறகு படிப்படியாகத் தமிழ்நாட்டில் அடுத்தடுத்த தலைமுறைகள் பட்டத்தைக் கைவிட்டன. தாத்தா பெயரில் இருப்பதும் பேரன் பெயரில் இல்லாததும் அந்த வரலாற்றின் தடம். தாத்தாவின் பெயரில் அதை வைப்பதா விடுவதா என்பது குடும்பத்தின் முடிவு. தமிழ்ப் பத்திரிகையில் இருந்து ஆங்கிலத்தில் இல்லாமல் போனாலும், இல்லாமல் இருந்து ஆங்கிலத்தில் முளைத்தாலும் கேள்வி எழும் என்பதால், இரண்டிலும் ஒரே மாதிரி வைப்பதே நல்லது. தாத்தாவின் பட்டத்தைப் பேரனுக்குக் குடும்பப் பெயராக ஒட்டிவிடுவது மட்டும் கூடவே கூடாது.

தலைப்பெழுத்துகள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பத்திரிகையில் 'க. முருகேசன்' என்று இருப்பதை மட்டும் பார்த்து ஆங்கிலத் தலைப்பெழுத்தைத் தீர்மானிக்க முடியாது. 'க' என்பது கந்தசாமியானால் 'கே', கணேசனானால் பெரும்பாலும் 'ஜி'. 'பா' என்பது பாண்டியனில் வரும் 'பி'யும் ஆகலாம், பாலசுப்பிரமணியன் போன்ற பெயர்களில் வரும் மற்றொரு 'பி'யும் ஆகலாம். 'த' என்பது தங்கராசுவில் வரும் 'டி'யா, தண்டபாணியில் வரும் மற்றொரு 'டி'யா என்றும் தெரியாது. 'இரா.' என்பது இராசேந்திரனின் முதலெழுத்து. ஆங்கிலத்தில் அது 'ஆர்' ஆக வேண்டும், ஆனால் 'ஐ' என்று மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'ஞா.' என்பதற்கு வழக்கமாக 'ஜி' எழுதுகிறோம், ஞானசேகரன் போன்ற பெயர்கள் அவ்வாறு எழுதப்படுவதால். எனவே ஒவ்வொரு தலைப்பெழுத்துக்கும் பின்னால் இருக்கும் முழுப்பெயரைக் கேட்டு வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் ஒலியை வைத்து நீங்களாகப் போடக் கூடாது. கயல்விழியின் 'ழ'வை ஒருவர் 'இசட் எச்' என்றும், இன்னொருவர் 'எல்' என்றும் எழுதுவார். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதுவே இறுதி. விசா விண்ணப்பத்தோடு அழைப்பிதழை இணைக்கும் விருந்தினர்களும் உண்டு. அங்கே பெயர் வேறுபட்டால் வீண் விளக்கம் கொடுக்க நேரும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 'மிஸ்டர் கே. முருகேசன் அண்ட் மிஸஸ் எம். வள்ளி' என்று எழுதினால், இருவருக்கும் பொதுவான பெயர் எதுவும் இல்லாததால் இவர்கள் கணவன் மனைவியா என்றே ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு ஐயம் வரும். வள்ளியின் 'மு' கணவர் பெயர், முருகேசனின் 'க' தந்தை பெயர் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் பரிந்துரைப்பது, பெற்றோருக்கும் மணமக்களுக்கும் தலைப்பெழுத்தை விரித்துப் பின்னால் வைப்பது: முருகேசன் கந்தசாமி, வள்ளி முருகேசன், செந்தில் முருகேசன், தமிழரசி இராசேந்திரன், கயல்விழி இராசேந்திரன். இப்போது தாய், மகன், மகள் ஆகியோரின் தொடர்பு கண்ணுக்குத் தெரிகிறது. தந்தை மட்டும் வேறு பெயரில் முடிகிறார். தந்தையின் பெயரே பிள்ளைகளின் பின்பெயராக வருவது தமிழர் வழக்கம் என்று அழைப்பிதழோடு வைக்கும் தகவல் தாளில் ஒரே வரியில் சொல்லிவிட்டால் போதும். எல்லாத் தாய்மாருக்கும் இது பொருந்தாது. சிலர் திருமணத்துக்குப் பிறகும் தந்தை பெயரின் தலைப்பெழுத்தையே வைத்திருப்பார்கள். கேட்காமல் கணவர் பெயரை ஒட்டக் கூடாது. 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் முருகேசன்' என்று சுருக்குவது இலக்கணப்படி தவறன்று, ஆனால் வள்ளியின் பெயரை அது அழித்துவிடுகிறது. தமிழில் இருக்கும் பெயர் ஆங்கிலத்தில் காணாமல் போக நான் இசையமாட்டேன்.

பேரன், பேத்தி என்பதில் ஒரு சிறு குறிப்பு. 'மகன் வழிப் பேரன்', 'மகள் வழிப் பேத்தி' என்றோ, வடமொழியில் 'பௌத்திரன்', 'தௌஹித்திரி' என்றோ பிரித்துக் காட்டும் பத்திரிகைகள் உண்டு. இரு பக்கத்துத் தாத்தா பாட்டியும் பத்திரிகையில் இருந்தால் மட்டும் ஆங்கிலத்தில் 'பேட்டர்னல்', 'மேட்டர்னல்' என்று பிரியுங்கள். ஒரு பக்கம் மட்டுமே இருந்தால் வெறும் 'கிராண்ட்சன்' போதும்.

பி.இ. போன்ற படிப்புகளையும், தந்தையின் 'தலைமை ஆசிரியர், ஓய்வு' என்ற குறிப்பையும் ஆங்கிலப் பதிப்பில் எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. மருத்துவருக்கு 'டாக்டர்' என்பது மட்டும் இருக்கட்டும். இது மரபு பற்றிய விஷயமே தவிர, சரி தவறு அல்ல. தந்தையின் பணியை வைத்துக்கொள்ள வீட்டார் விரும்பினால், பெயருக்குப் பின் அடைப்புக்குறியில் போடாமல், தகவல் தாளில் குடும்ப அறிமுகமாக எழுதுவது இயல்பாக இருக்கும்.

ஊர்ப்பெயருக்கு, விருந்தினர் வரைபடத்தில் தேடினால் கிடைக்கும் எழுத்துக்கூட்டலையே பயன்படுத்துங்கள். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டுச் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த இடைக்காலப் பட்டியல் இன்னும் சிலர் கையில் சுற்றுகிறது. முகூர்த்த நேரத்தில் 'காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்' என்பதை அப்படியே எழுதினால், நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் நடக்கும் என்று எண்ணி 8.45-க்கு வந்து தாலி கட்டுவதைத் தவறவிடுவார்கள். எத்தனை மணிக்கு வந்து அமர வேண்டும் என்று தனியே சொல்லுங்கள். 'சுற்றமும் நட்பும் சூழ' என்பதையும் சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். யாரையும் அழைத்து வரலாம் என்ற அனுமதியாக அது படிக்கப்படும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தமிழ் தெரியாத, உங்கள் குடும்பத்தை அறியாத ஒருவரிடம் ஆங்கிலப் பதிப்பை மட்டும் கொடுத்து, இரு குடும்பங்களின் உறவுமுறையையும் ஒரு தாளில் கிளை போட்டு வரையச் சொல்லுங்கள்; இறந்தவர்கள் பெயருக்கு அருகே ஒரு குறியும் போடச் சொல்லுங்கள். நம் மாதிரியில் அவர் கந்தசாமிப் பிள்ளைக்கும் இராசேந்திரனுக்கும் மட்டும் குறி போட்டு, செந்திலை முருகேசனுக்குக் கீழே வைத்தால் அச்சுக்குப் போகலாம். வேறு எங்காவது குறி விழுந்தால், அந்த வரியை மட்டும் திருத்தி, இதுவரை பார்க்காத இன்னொருவரிடம் கொடுங்கள். முதலில் பார்த்தவருக்கு இப்போது விடை தெரிந்திருக்கும்.